‘வேண்டாம்’ என்று சொல்ல வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: கோவையில் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கிறேன். சீனியர் அண்ணா ஒருவர் சொல்லி, அவர் வேலை செய்யும் பம்ப் கம்பெனியில் கோடை இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மாதம் 10,000 ரூபாய். மேனேஜர் போனில் சொன்னபோது ‘ரொம்ப சந்தோஷம் சார்’ என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் மெயிலில் உறுதி செய்ய வேண்டும். நேற்று சென்னையில் ஒரு சின்ன சிப் டிசைன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. 6,000 ரூபாய்தான், ஆனால் நான் போக நினைப்பது அந்தத் துறைக்குத்தான். அண்ணாவுக்குச் சங்கடம் வராமல் எப்படி மறுப்பது? பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: பாட்டியை விட்டுவிடுங்கள், பாவம். ஜூன் மாதம் லிங்க்ட்இனில் சென்னைக் கம்பெனியின் பெயரைப் போடத்தான் போகிறீர்கள். அண்ணா அதைப் பார்ப்பார், மேனேஜரும் பார்ப்பார்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். சென்னையிலிருந்து வந்தது வெறும் போன் அழைப்பா, சேரும் தேதியும் காலமும் தொகையும் எழுதிய மெயிலா? போன் மட்டும்தான் என்றால் இன்றே மெயில் கேளுங்கள். அது வந்து, நீங்கள் ‘வருகிறேன்’ என்று பதில் எழுதிய பிறகுதான் கோவைக்கு ‘இல்லை’. அதே நாளில் சொல்லிவிடுங்கள், வெள்ளி வரை இழுக்காதீர்கள். உங்களுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாணவரை அவர்கள் கூப்பிட வேண்டும். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மாணவர் வேறு எங்காவது சேர்ந்துவிடலாம்.

ஆள் எடுக்கும் பக்கத்தில் நான் பல வருடம் இருந்திருக்கிறேன். மறுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒரு பையன் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, சேரும் நாளில் போனை அணைத்துவிட்டான். கேட்டில் செக்யூரிட்டியின் பட்டியலில் அவன் பெயர், ஸ்டோரில் அவன் அளவுக்கு வாங்கிய பாதுகாப்பு ஷூ. அந்தப் பெயர் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் முதலில் பேச வேண்டியது அண்ணாவிடம். அவர் சொல்லித்தான் உங்கள் பெயர் உள்ளே போனது. மேனேஜர் கேண்டீனில் ‘உங்க ஜூனியர் வரலையாமே’ என்று கேட்கும்போது அவர் விழிக்கக் கூடாது. வாட்ஸ்அப் வேண்டாம், கூப்பிடுங்கள். ‘அண்ணா, சிப் டிசைன்ல ஒரு இடம் கிடைச்சிருக்கு, அதுக்குப் போறேன். சாருக்கு இன்னிக்கே நானே சொல்லிடுறேன், உங்களுக்கு முதல்ல தெரியணும்னு கூப்பிட்டேன்.’ இவ்வளவு போதும். அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் அவரைப் பேசச் சொல்லாதீர்கள்.

அடுத்து மேனேஜருக்குப் போன், இரண்டு நிமிடம். எடுக்கவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் மெயில். புதிதாகத் தொடங்காமல், அவர்கள் அனுப்பிய ஆஃபர் மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள், எச்.ஆரையும் சேர்த்து. அப்போதுதான் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், விஷயம் இதுதான்:

‘எனக்கு வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி. யோசித்த பிறகு, இந்த இன்டர்ன்ஷிப்பை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன். சிப் டிசைனில் மேலே போக விரும்புவதால், அதே துறையில் கிடைத்த வேறொரு வாய்ப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். போனில் சம்மதம் சொன்ன பிறகு மாறுவதற்கு மன்னிக்கவும். நேர்காணலில் மோட்டார் கன்ட்ரோலர் போர்டைப் பிரித்துக் காட்டி நீங்கள் விளக்கியது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.’

கடைசி வரியில், உங்கள் நேர்காணலில் உண்மையில் நடந்த ஒன்றைப் போடுங்கள். அப்படி எதுவும் நினைவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம். மன்னிப்பு ஒரு முறை போதும். ‘ரொம்ப சந்தோஷம் சார்’ என்பதை அவர் சம்மதமாகத்தான் எடுத்திருப்பார், அதனால்தான் அந்த வரி.

சென்னைக் கம்பெனியின் பெயரையும் தொகையையும் எழுதாதீர்கள். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பேரம் ஆகிவிடும். ‘12,000 தருகிறோம்’ என்று அவர்களாகவே சொன்னாலும், ‘பணத்துக்காக இல்லை சார், துறைக்காகத்தான்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி மறுத்தால் அதுதான் உறவைக் கெடுக்கும். ‘டிசம்பரில் வரட்டுமா’ என்றும் இந்த மெயிலிலேயே கேட்க வேண்டாம்.

கல்லூரியில் கோவைக் கம்பெனியின் பெயருக்குத் தடையின்மைச் சான்று வாங்கியிருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துப் புதிதாக வாங்குங்கள். பிளேஸ்மென்ட் அதிகாரிக்கும் சொல்லிவிடுங்கள்.

எச்.ஆரிடமிருந்து ‘நோட்டட்’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் கோபம் என்று நினைத்துப் பதற வேண்டாம். அவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள்.