எனிடைம் கோல்ஸ்கோரர் விலை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

டர்பனில் ஒரு புக்மேக்கர் அலுவலகத்தில் பல வருடம் சாக்கர் விலை போட்டவன் நான். இன்று ஒரே விஷயத்துக்குத்தான் பதில்: ஒருவர் ஆட்டத்தில் எப்போதாவது கோல் அடிப்பார் என்பதற்கு நியாயமான விலை என்ன. டிப்ஸ் கேட்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஷாட் எண்ணிக்கை என்னிடம் இருக்கிறது, அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு சென்டர் ஃபார்வர்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் நானே வைத்தவை. பெனால்டியை நீக்கிவிட்டால் 90 நிமிடத்துக்கு 2.8 ஷாட் அடிக்கிறார். அவர் அடிக்கும் இடங்களிலிருந்து நூறு ஷாட்டில் 11 கோலாகும் என்று வைப்போம். 2.8 × 0.11 = 0.308. முழு ஆட்டமும் ஆடினால் எதிர்பார்க்கும் கோல் இவ்வளவு. ஆனால் தொடக்க பதினொருவரில் இருந்தாலும் சராசரியாக 78-ஆவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்துவிடுகிறார்கள். 78/90-ஆல் பெருக்கினால் 0.267.

பெனால்டியைத் தனியாகப் போடுங்கள். இந்த அணிக்கு ஆட்டத்துக்கு 0.14 பெனால்டி கிடைக்கிறது, அதாவது ஏழு ஆட்டத்துக்கு ஒன்று. உதைத்தால் 0.77 உள்ளே போகும். இவர் களத்தில் இருக்கும்போது பத்தில் ஒன்பது தடவை இவரே உதைக்கிறார். 0.14 × 0.77 × 0.9 × 78/90 போட்டால் 0.084. இரண்டும் சேர்ந்து 0.351. இதிலிருந்து ஒரு கோலாவது அடிக்கும் வாய்ப்பு p, அதைத் தலைகீழாக்கினால் விலை:

```
p = 1 - exp(-0.351)   # 0.296
price = 1 / p         # 3.38
```

பெனால்டி இல்லாமல் 0.267-ஐ மட்டும் வைத்தால் விலை 4.27 வரும். யார் உதைக்கிறார் என்ற ஒரே தகவல் விலையை இவ்வளவு தள்ளுகிறது. 3.38 என்பது லாபம் சேர்க்காத விலை. கடையில் இதைவிடக் குறைவாகத்தான் பார்ப்பீர்கள்.

பீனிக்ஸ் வாசகர்: இவ்வளவு சுற்ற வேண்டுமா? என் ஆள் ஆட்டத்துக்கு 2.1 ஷாட், கோல் விகிதம் 18 சதவீதம். பெருக்கினால் 0.38. அதோடு பெனால்டியைக் கூட்டினேன், முடிந்தது.

பாதி சரி. ஷாட்டில் தொடங்கியது நல்லது. ஆனால் அந்த 18 சதவீதத்தில் அவர் அடித்த பெனால்டிகளும் இருக்கின்றன. அப்புறம் மேலே இன்னொரு தடவை கூட்டியிருக்கிறீர்கள். பெனால்டியை இருமுறை எண்ணாதீர்கள். இதை இன்று இன்னும் பலமுறை சொல்வேன் என்று நினைக்கிறேன்.

"ஆட்டத்துக்கு 2.1" என்பதிலும் சிக்கல் இருக்கிறது. கடைசிக் கால் மணி நேரம் மட்டும் இறங்கிய ஆட்டங்களும் அந்தச் சராசரியில் உண்டு. அதனால் முழு ஆட்டத்துக்கான எண் இதைவிடப் பெரியது. மொத்த ஷாட்டை மொத்த நிமிடத்தால் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள்.

டோங்காட்டிலிருந்து ஒரு அக்கா: அவர் ஆடுவாரா என்பதே சந்தேகம் என்றால் நிமிடத்தை எப்படி வைப்பது?

இன்றைய நல்ல கேள்வி இதுதான். அதே ஃபார்வர்ட். தொடங்க 70 சதவீதம், பெஞ்சிலிருந்து வந்து 20 நிமிடம் ஆட 20 சதவீதம், ஆடவே ஆடாமல் இருக்க 10 சதவீதம் என்று வைப்போம். பெஞ்சிலிருந்து வந்தால் எதிர்பார்க்கும் கோல் 0.09, வாய்ப்பு 8.6 சதவீதம்.

பலர் அந்த 10 சதவீதத்தைப் பூஜ்யமாகச் சேர்த்து 22.4 சதவீதம், விலை 4.46 என்று போடுவார்கள். ஆனால் அவர் இறங்கவே இல்லையென்றால் வழக்கமான விதிப்படி பந்தயம் ரத்து, பணம் திரும்பிவிடும். அந்த ஆட்டங்கள் கணக்கிலேயே வரக்கூடாது. மீதி 90 சதவீதத்தை முழுதாக எடுங்கள்: ஒன்பதில் ஏழு பங்கு 29.6, ஒன்பதில் இரண்டு பங்கு 8.6. கூட்டினால் 24.9 சதவீதம், விலை 4.01. ஒரு கடை 4.46 கொடுத்தால் அது தன் கையிலிருந்து போட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

எல்லா நிமிடத்தையும் சராசரியாக்கி 65 என்று வைத்தால் 3.94 வரும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் எப்போதும் ஒரே பக்கம் சாயும், வாய்ப்பைக் கூட்டிக் காட்டும்.

வெருலம் வாசகர்: என் ஆள் 88-ஆவது நிமிடத்தில் இறங்கினார். 200 ரேண்ட் போச்சு. இரண்டு நிமிடத்துக்கு முழுப் பணமா? திருப்பித் தரமாட்டேன் என்கிறார்கள்.

களத்தில் கால் வைத்துவிட்டால் பந்தயம் செல்லும். கடை விதியைப் படியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா: பெனால்டியைச் சராசரி வைத்துக் கணக்குப் போடுவது ஏமாற்று வேலை தம்பி. 2021 நவம்பர், கேப் கோஸ்ட். அந்தப் பெனால்டி எந்தச் சராசரியில் வரும்?

ஐயா, அந்த ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆயூ உதைத்தார், கானா 1-0, நம் பஃபானா உலகக்கோப்பைக்குப் போகவில்லை. சாஃபா புகார் கொடுத்தும் ஃபிஃபா தள்ளுபடி செய்தது. ஆனால் நடுவர் செய்தது சரியா என்பது வேறு கேள்வி. விலை போடுபவர் ஆட்டத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அதே ஐயா: உள்ளூர்க் கூட்டத்துக்கு முன்னால் நடுவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று முன்னாலேயே தெரியுமே!

சொந்த மைதானத்து அணிக்குக் கொஞ்சம் கூடுதல் வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அந்த அணிதான் பெட்டிக்குள் அதிக நேரம் பந்தை வைத்திருக்கும், அதனால் பெனால்டியும் அதிகம் வரும். அதில் எவ்வளவு ஆட்டத்தால், எவ்வளவு விசிலால் என்று என்னால் பிரிக்க முடியாது.

டர்பன் நார்த் வாசகர்: ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. என் அணிக்குப் பத்து ஆட்டத்தில் நான்கு பெனால்டி வந்திருக்கிறது. 0.4 என்று வைப்பதா, அண்ணா சொல்லும் 0.14-ஆ?

இரண்டும் இல்லை. பத்து ஆட்டம் மிகக் குறைவு. லீக் சராசரி 0.13 என்றால், அதற்கு நாற்பது ஆட்டத்தின் கனம் கொடுங்கள்: 5.2 பெனால்டி. உங்கள் நான்கையும் கூட்டி ஐம்பதால் வகுத்தால் 0.18. நாற்பது என்பது என் பழக்கம், முப்பது வைப்பவர்களும் உண்டு.

அதே ஐயா: ஐம்பதால் வகுத்தால் கேப் கோஸ்ட் மறந்துபோகுமா?

மறக்காது ஐயா. அடுத்த கேள்வி.

ஸ்டாங்கர் வாசகர்: பெனால்டி தவறவிட்டவரிடமிருந்து அந்த வேலையைப் பறித்துவிடுவார்கள் இல்லையா?

நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் மாலிக்கு எதிராகப் பெர்சி டாவ் மேலே அடித்தார். அடுத்த ஆட்டத்தில் நமீபியாவுக்கு எதிராகவும் அவரே உதைத்தார், கோல். அரையிறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக உதைத்தது மொகோயெனா. ஆகவே 0.9 என்பதை எல்லோருக்கும் வைக்காதீர்கள். இப்படிப்பட்ட அணியில் நான் 0.5-க்கு மேல் போகமாட்டேன். 0.5 வைத்தால் நம் ஃபார்வர்டின் விலை 3.38-லிருந்து 3.71-க்குப் போகும். கேப்டன் களத்தில் இருக்கிறாரா, முதல் உதைப்பவர் வெளியேறியபின் யார் எடுக்கிறார் என்று பழைய ஆட்டங்களைப் பாருங்கள்.

இன்னொரு வாசகர்: அதே கோப்பையில் கேப் வெர்டேயோடு ஷூட்-அவுட்டில் அடித்தவர்களுக்குப் பணம் வந்ததா?

ஷூட்-அவுட் கோல் இந்தச் சந்தையில் சேராது. கூடுதல் நேரமும் வழக்கமாகச் சேராது. சொந்த கோலும் சேராது.

ஐசிபிங்கோ வாசகர்: கோல் விகிதத்தோடு பெனால்டியையும் கூட்டினால்...

மேலே பீனிக்ஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சாட்ஸ்வர்த் தம்பி மறுபடியும்: எல்லா வீரருக்கும் போட்டுவிட்டேன். சரியா என்று எப்படித் தெரியும்?

வீரர்களின் எதிர்பார்க்கும் கோல்களைக் கூட்டுங்கள், வாய்ப்புச் சதவீதங்களை அல்ல. ஒவ்வொருவருக்கும் தொடங்கும், பெஞ்சிலிருந்து வரும் வாய்ப்புகளால் பெருக்கிய எண்ணை எடுங்கள். இங்கே மட்டும் ஆடாத வாய்ப்பும் கணக்கில் வரும். அந்தக் கூட்டல் அணியின் கோல் எதிர்பார்ப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், மீதி எதிரணியின் சொந்த கோல். சந்தை அந்த அணிக்கு 1.4 கோல் என்று சொல்ல, உங்கள் கூட்டல் 1.9 வந்தால், பெரும்பாலும் நிமிடத்தை அதிகமாக வைத்திருப்பீர்கள். நிமிடங்களின் கூட்டல் அணிக்கு 990-ஐத் தாண்டக்கூடாது. அதை முதலில் பாருங்கள். நிமிடம் சரியாக இருந்தால் எல்லோரையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். எதிரணி பலமானதா என்ற கேள்விக்கும் அதிலேயே பாதிப் பதில் வந்துவிடும்.

பெயர் சொல்லாத வாசகர்: தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் கோல் அடித்தவர் சனிக்கிழமையும் அடிப்பாரா?

டிப்ஸ் இல்லை என்றேன். அவருடைய ஷாட் எண்ணிக்கை கூடியிருக்கிறதா, நிமிடம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் பழைய விலைதான்.