இரட்டை பிஷப் எப்போது உண்மையில் பலம்?

கேள்வி: என்னிடம் இரண்டு பிஷப், எதிராளியிடம் ஒரு பிஷப், ஒரு குதிரை. நிலை முழுதாகத் திறக்கவும் இல்லை, அடைபடவும் இல்லை. இரட்டை பிஷப் நல்லது என்று நம்பி ஆடினால், கடைசியில் குதிரைதான் என்னை ஆட்டி வைக்கிறது. யாருக்கு மேல்கை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் குதிரையைப் பாருங்கள். சிப்பாயால் விரட்ட முடியாத ஒரு கட்டம் பலகையின் நடுவில் அதற்குக் கிடைக்குமா? கிடைத்தால் உங்கள் பிஷப்களின் மதிப்பு பாதியாகிவிடும். லாரி காஃப்மன் ஏராளமான ஆட்டங்களைக் கணக்கெடுத்து 1999-இல் சொன்னபடி, இரட்டை பிஷப்பின் கூடுதல் மதிப்பு சராசரியாக அரைச் சிப்பாய். சராசரி என்பதை மறக்கக்கூடாது. உங்கள் பலகையில் அந்த அரைச் சிப்பாய் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு சிப்பாய் நகர்வு தீர்மானிக்கும்.

ஒரு நிலையைப் பலகையில் அடுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை: ராஜா g1, யானை d1, பிஷப்கள் e2, e3, சிப்பாய்கள் a2, b2, c2, d4, f2, g2, h3. கறுப்பு: ராஜா g8, யானை d8, பிஷப் e7, குதிரை f6, சிப்பாய்கள் a7, b7, c6, e6, f7, g7, h7. ராணிகள் இல்லை. வெள்ளை ஆட வேண்டும். காரோ-கான் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சிப்பாய் அமைப்பு பழகியதுதான்.

கறுப்பிடம் வெள்ளைக் கட்டப் பிஷப் இல்லை. அந்தக் குறையை c6, e6 சிப்பாய்கள் அடைக்கின்றன. அவற்றுக்கு நடுவே d5 குதிரைக்காகவே காத்திருக்கிறது. இங்கே பலர் d4-க்குத் துணையாக 1.c3 ஆடிவிடுவார்கள். பார்க்கப் பத்திரமான நகர்வு, ஆனால் தவறு. 1...Nd5 வந்து e3 பிஷப்பைத் தாக்கும். 2.Bc1 என்று ஒதுங்கினால் 2...b5! இனி c4 தள்ளினால் bxc4, Bxc4. உங்கள் c சிப்பாய் பலகையை விட்டே போய்விடும், குதிரையை d5-இலிருந்து விரட்டச் சிப்பாயே இருக்காது. c6 சிப்பாய் பின்தங்கி நிற்பது மட்டும்தான் உங்களுக்கு ஆறுதல். பிஷப்பைக் கொடுத்து அந்தக் குதிரையை வெட்டினாலோ, இருவரிடமும் கறுப்புக் கட்டப் பிஷப் ஒவ்வொன்று மிஞ்சும், ஆட்டம் ஏறக்குறைய சமம். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

சரியான நகர்வு 1.c4. குதிரைக்கு d5 இல்லை. பயம் d4 பற்றித்தான். அதை e3 பிஷப்பும் யானையும் காக்கின்றன. உடனே 1...c5 என்று உடைத்தால் 2.dxc5 Rxd1+ 3.Bxd1. இப்போது c5-ஐ எடுக்கும் பிஷப்பை உங்கள் e3 பிஷப் வெட்டிவிடும். அடுத்து b4 வந்தால் ஒரு சிப்பாய் கூடுதலாக உங்கள் கையில் நிற்கும்.

கறுப்பு 1...Nd7 ஆடி, Bg5 மூலம் பிஷப்பை மாற்றிக்கொள்ளப் பார்ப்பது இயல்பு. அந்த மாற்று நடந்தால் இரட்டை பிஷப் என்ற பேச்சே இல்லை. ஆனால் குதிரை f6-ஐ விட்ட அந்தக் கணமே d5 மீதான பிடி தளர்கிறது: 2.d5! cxd5 3.cxd5 exd5 4.Rxd5. நடுப்பகுதி காலி. a7 தாக்கப்பட்டிருக்கிறது. 4...b6 5.Bb5 Nf6 6.Rxd8+ Bxd8 என்று போகட்டும்.

இருபுறமும் ஐந்தைந்து சிப்பாய்கள், இரண்டு பக்கமும் பரவி. இங்கே b5 பிஷப் d7, e8 இரண்டையும் பூட்டுகிறது. f3 தள்ளினால் e4, g4 போகும். ராஜா e2, d3 வழியாக c4 வந்தால் d5-உம் போகும். ஓரத்து h5-ஐத் தவிர குதிரைக்கு முன்னேற வழியே இல்லை. வெற்றி உறுதி என்று சொல்லமாட்டேன். ஆனால் பாடுபடுவது கறுப்பு மட்டும்தான். இரட்டை பிஷப்பின் பலம் தாக்குதலில் மட்டும் இல்லை. குதிரையின் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பறிப்பதிலும் இருக்கிறது.

1.c4-க்கும் ஒரு விலை உண்டு. d4-க்கு இனி சிப்பாய்க் காவல் கிடையாது. நல்ல எதிராளி குதிரையை e8, d6 வழியாக f5-க்குக் கொண்டுவந்து, பிஷப்பை f6-இல் வைத்து, d4 மீது மூன்று காய்களைக் குவிப்பார். எனவே 1...Ne8 பார்த்தவுடன் 2.g4 ஆடி f5-ஐ அடைத்துவிடுங்கள். h3 சிப்பாய் அதற்குத்தான் அங்கே நிற்கிறது. குதிரை f5-க்கு வந்த பிறகு யோசித்தால் தாமதம்.

இனி உங்கள் ஆட்டங்களில் குதிரை எந்தக் கட்டத்தில் வந்து நிலைத்தது என்று தேடுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைக் காக்க வேண்டிய உங்கள் சிப்பாய் எந்த நகர்வில், எதற்காக, அந்த வாய்ப்பை இழந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.