மாமை அழகு, பசலை நோய்

கேள்வி: கடலூரில் எங்கள் வீட்டில் பெண் பார்க்கும்போது 'கலர் கொஞ்சம் கம்மி' என்கிறார்கள். பழைய தமிழில் கருப்பை அழகு என்று பாடியிருக்கிறார்களா?

பாடியிருக்கிறார்கள். சங்கப் பாட்டில் பெண்ணின் மேனி அழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். 'மா' என்றால் கருமை என்றும் பொருள் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வெளுப்பு இல்லை.

குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியாரின் தலைவி கலங்குகிறாள். நல்ல பசுவின் பால் கன்றும் குடிக்காமல், கலத்திலும் விழாமல் தரையில் சிந்தியது போல, என் மாமைக் கவின் எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்கிறாள். பசலை என்பது பிரிவுத் துயரில் மேனி நிறம் மங்கி வெளிறுவது. வள்ளுவரும் அதற்கென்றே ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். இன்று க்ரீம் பூசித் தேடும் வெளுப்பு அன்றைக்கு நோயின் அடையாளம்! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

அப்புறம் பக்தி. திருப்பாவையின் முதல் பாட்டிலேயே ஆண்டாள் கண்ணனைக் 'கார்மேனி' என்கிறாள், மழைமேகத்தின் நிறம். மார்கழியில் நம் திருவந்திபுரம் கோயிலிலும் கேட்கலாம்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது: பொன்போன்ற மேனியையும் பழம்பாடல்கள் புகழ்கின்றன. ஆனால் அதற்காக மாமையை யாரும் குறையாகச் சொல்லவில்லை.