ஒரு ரூபாய்க்குப் போகாதா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

பிட்காயின் விலை லட்சக்கணக்கில் இருக்கிறது, எனக்கு எட்டாது. ஷிபா இனு என்ற கிரிப்டோ காயின் 0.001 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கிறது. 10,000 ரூபாய்க்கு ஒரு கோடி காயின். அது வெறும் ஒரு ரூபாய்க்குப் போனால்கூட என் கையில் ஒரு கோடி ரூபாய். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை விடுவானேன்? இதேபோல லூனா ஒரு காலத்தில் 80 டாலருக்கு விற்றது, இப்போது பைசாவுக்கும் கீழே. காயின்களை எரித்துக்கொண்டே வருகிறார்கள், பழைய விலைக்குத் திரும்பும் என்கிறான் நண்பன். உங்கள் கருத்து என்ன?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

விலையை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் எத்தனை காயின் இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஷிபா இனு 2020 ஆகஸ்ட்டில் வெளிவந்தபோது உருவாக்கியது 1,000 லட்சம் கோடி காயின். இன்று புழக்கத்தில் இருப்பது ஏறக்குறைய 589 லட்சம் கோடி. ஒன்று 0.001 ரூபாய் என்றால் மொத்த மதிப்பு 58,900 கோடி ரூபாய். அதாவது சந்தை இதற்கு ஏற்கெனவே ஒரு பெரிய கம்பெனியின் விலையைப் போட்டுவிட்டது. இதையா மலிவு என்கிறீர்கள்?

சரி, நீங்கள் சொன்ன ஒரு ரூபாய்க்கு வருவோம். அப்போது மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். மும்பைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட எல்லா கம்பெனிகளின் மதிப்பையும் கூட்டினால் வரும் தொகை, 400 லட்சம் கோடியை முதன்முதலாகத் தொட்டதே 2024 ஏப்ரலில்தான். ரிலையன்ஸ், டாடா, வங்கிகள், மருந்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்த தொகை அது. நாய்ப் படம் போட்ட ஒரு காயின் அதைத் தாண்டினால்தான் உங்கள் கைக்கு ஒரு கோடி வரும். ‘வெறும் ஒரு ரூபாய்’ என்று எழுதும்போது நீங்கள் கேட்பது இதைத்தான்.

பழைய உச்சத்தையும் பாருங்கள். 2021 அக்டோபர் கடைசியில் எல்லோரும் ஷிபா, ஷிபா என்று அலைந்த நாட்களில்கூட அதன் விலை 0.00009 டாலரைத் தொடவில்லை. அன்றைய டாலர் மதிப்பில் நம் ஊர்க் காசுக்கு ஒரு பைசாவுக்கும் குறைவு. ஆனால் அதே வாரம் மொத்த மதிப்பில் அது டோஜ்காயினைக் கொஞ்ச நாள் முந்தியது. டோஜ்காயின் ஒன்றின் விலை அப்போது ஷிபாவைப்போல ஏறக்குறைய 3,000 மடங்கு. ஒன்றின் விலையை வைத்து எது பெரியது, எது மலிவு என்று முடிவு செய்தவர்களுக்கு அந்த வாரம் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. இத்தனை பூஜ்யங்கள் தற்செயலாக வந்தவை அல்ல. காயின் எண்ணிக்கையை உருவாக்குபவர் எந்த எண்ணாக வேண்டுமானாலும் வைக்கலாம். 21 கோடி என்று வைத்திருந்தால் ஒன்றின் விலை ஏறக்குறைய 2,800 ரூபாய் இருந்திருக்கும், உங்கள் 10,000 ரூபாய்க்கு நான்கு காயின்கூட வந்திருக்காது, நீங்களும் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அப்போதும் உங்களுக்குக் கிடைக்கும் பங்கு, இன்றைய ஒரு கோடி காயினுக்குக் கிடைக்கும் அதே பங்குதான்.

லூனா வேறு வகை. ஷிபாவில் எண்ணிக்கை ஆரம்பத்திலேயே பெரியது. லூனாவில் அது ஒரே வாரத்தில் பெருகியது. லூனாவை வெளியிட்ட டெரா என்ற அமைப்பில் யு.எஸ்.டி., ஆங்கிலத்தில் UST, என்று ஒரு டாலர் மதிப்பிலான காயின் ஒன்று இருந்தது. அதை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் ஒரு டாலர் பெறுமான லூனாவைப் புதிதாக அச்சடித்துத் தருவார்கள் என்பது விதி. லூனா 80 டாலரில் இருந்தபோது ஒரு யு.எஸ்.டி.க்கு எண்பதில் ஒரு பங்கு லூனா உருவானால் போதும். 2022 மே மாதம் யு.எஸ்.டி.மீது நம்பிக்கை போய் எல்லோரும் ஒரே நேரத்தில் மாற்ற வந்தார்கள். லூனா ஒரு டாலருக்கு இறங்கியபோது ஒவ்வொரு யு.எஸ்.டி.க்கும் ஒரு முழு லூனா. ஒரு சென்ட்டுக்கு இறங்கியபோது நூறு லூனா. புதிதாக வந்ததை விற்க விற்க விலை இன்னும் விழும், விழ விழ இன்னும் அதிகம் அச்சாகும். மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 35 கோடியாக இருந்த லூனா, சில நாட்களில் 6.5 லட்சம் கோடியைத் தாண்டியது. இன்று லூனா கிளாசிக் என்ற பெயரில், திரையில் LUNC என்று நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

இப்போது உங்கள் நண்பர் சொல்லும் ‘பழைய விலை’யைப் போட்டுப் பார்ப்போம். விழுவதற்கு முன் 35 கோடி காயின், ஒன்று 80 டாலர். மொத்தம் 2,800 கோடி டாலர். போன பணம் ஒரு சென்ட் மிச்சமில்லாமல் திரும்பி வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை 6.5 லட்சம் கோடி காயின்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 0.0043 டாலர், அரை சென்ட்கூட இல்லை. 80 டாலருக்கு வாங்கி இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு, எல்லாம் சரியானாலும் கிடைப்பது இவ்வளவுதான். 80 டாலருக்கே திரும்ப வேண்டுமென்றால் மொத்த மதிப்பு 520 லட்சம் கோடி டாலர் ஆக வேண்டும். டாலர், ரூபாய் இல்லை. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். வரைபடத்தில் தெரியும் 80 டாலர், இன்றைய காயினின் பழைய விலையே அல்ல. அது முப்பத்தைந்து கோடியில் ஒன்றின் விலை, உங்கள் நண்பரிடம் இருப்பது ஆறரை லட்சம் கோடியில் ஒன்று.

எரிப்பதைப் பற்றி. யாரும் திறக்க முடியாத முகவரிக்கு அனுப்பிவிடுவதைத்தான் எரிப்பது என்கிறார்கள். எண்ணிக்கை குறைவது உண்மை. மொத்த மதிப்பு அப்படியே நின்றால் மிச்சமுள்ள ஒவ்வொன்றின் விலையும் ஏற வேண்டும் என்பதும் கணக்குப்படி சரி. ஆனால் அளவைப் பாருங்கள். நாம் மேலே போட்ட 58,900 கோடி மதிப்பிலேயே ஷிபா ஒரு ரூபாயாக வேண்டுமென்றால் ஆயிரம் காயினில் 999 எரிய வேண்டும். யாருடையதை எரிப்பது? உங்களுடையதையா?

உண்மையில் நடந்த பெரிய எரிப்பு ஒன்று உண்டு. ஷிபாவை உருவாக்கியவர்கள் மொத்தத்தில் பாதியை, எத்தீரியம் என்ற கிரிப்டோவை உருவாக்கிய விட்டாலிக் புட்டரினின் முகவரிக்கு அவரைக் கேட்காமலே அனுப்பியிருந்தார்கள். 2021 மே மாதம் அவர் 50 லட்சம் கோடியை இந்தியாவுக்கான ஒரு கோவிட் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அன்றைய விலையில் அது 100 கோடி டாலருக்கு மேல். நன்கொடைச் செய்தி வந்ததுமே, இவ்வளவும் விற்பனைக்கு வரும் என்ற பயத்தில் விலை சரிந்தது. விலையை எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகைக்கு விற்க முடியும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம் சில நாளில் 410 லட்சம் கோடியை எரித்துவிட்டார். மொத்தத்தில் 41 சதவீதம்! அதற்காக விலை ஏறி நிலைத்துவிடவில்லை. சில நாட்களில் கிரிப்டோ சந்தை முழுவதும் சரிந்தபோது ஷிபாவும் கூடவே சரிந்தது. அவர் கையில் முடங்கிக் கிடந்த காயின் சந்தையில் விற்பனைக்கே வந்ததில்லை, போனபோதும் சந்தைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்த முறை ஒரு காயினைப் பார்க்கும்போது, விலைப் பக்கத்தில் மொத்த மதிப்பைக் காட்டும் Market Cap என்ற எண்ணை முதலில் பாருங்கள். பிறகு புழக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையான Circulating Supply, அதிகபட்ச எண்ணிக்கையான Max Supply இரண்டையும் ஒப்பிடுங்கள். Circulating Supply சின்னதாகவும் Max Supply பெரியதாகவும் இருந்தால், இன்னும் வெளிவராத காயின்கள் பின்னால் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். Max Supply இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லையென்றால், புதிதாக அச்சடிக்கும் விதி என்ன, யார் கையில் இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். அந்தப் பத்து நிமிடம் செலவழித்த பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள், 10,000 ரூபாய் உங்களுடையது. ஒரு கோடி காயின் என்பதற்காக மட்டும் வேண்டாம்.