எம்.எம்.ஆர். என்றால் எது? சுருக்கங்களை விரிப்பது பற்றிக் கேள்வி பதில்

சுகாதார அறிக்கைகளையும் புள்ளிவிவர அறிக்கைகளையும் பல வருடங்களாகத் தமிழில் கொண்டுவருகிறேன். மொழிபெயர்ப்பில் நான் செய்த பெரிய தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சமாச்சாரங்களால் வந்தவைதான். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

தேன்மொழி: ஒரு சுகாதார அறிக்கையில் எம்.எம்.ஆர். என்று பதினெட்டு இடத்தில் வருகிறது. முதல் பக்கத்துப் பட்டியலில் பார்த்து விரித்து எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். இப்போது ஒரு வாக்கியம் மட்டும் அர்த்தமே இல்லாமல் நிற்கிறது. என்ன தவறு?

அந்த வாக்கியம் தடுப்பூசியைப் பற்றியதாக இருக்கும், பாருங்கள். எம்.எம்.ஆர். என்பது பிரசவத்தை ஒட்டித் தாய்மார் இறப்பதைக் காட்டும் அளவும்தான், தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியும்தான். பெரிய அறிக்கைகளை ஒருவரே எழுதுவதில்லை, அத்தியாயத்துக்கு ஒரு குழு எழுதும். முன்பக்கப் பட்டியலைக் கடைசியில் யாரோ தொகுப்பார், ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருள் இருந்தால் ஒன்று விழுந்துபோகும். அதனால் பட்டியலை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுக்கக்கூடாது.

நான் செய்வது இது. எல்லா இடத்தையும் ஒரே தட்டலில் மாற்றாமல், தேடல் பெட்டியில் அந்தச் சுருக்கத்தைப் போட்டு ஒவ்வொன்றாக நின்று, பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். சதவீதமும் 'தவணை', 'போடப்பட்டது' மாதிரிச் சொற்களும் இருந்தால் தடுப்பூசி. 'ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு' என்று இருந்தால் இறப்பு அளவு. பதினெட்டு இடத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஆனால் இறப்பு அளவுக்குள்ளேயே இன்னொரு குழி இருக்கிறது. ஆங்கிலத்தில் கடைசி 'ஆர்' இரண்டு வெவ்வேறு சொற்களுக்கு நிற்கலாம். ஒன்று விகிதம், மற்றது வீதம். விகிதம் என்றால் இறந்த தாய்மாரைப் பிறப்புகளால் வகுப்பது. வீதம் என்றால் குழந்தை பெறும் வயதில், பொதுவாக 15 முதல் 49 வரை, உள்ள பெண்கள் எல்லாருடைய எண்ணிக்கையாலும் வகுப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பகுதியில் ஒரு வருடத்தில் 60 தாய்மார் இறந்தார்கள், 50,000 குழந்தைகள் உயிரோடு பிறந்தன, அந்த வயதுப் பெண்கள் 10 லட்சம் பேர் என்று வையுங்கள். விகிதம் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 120. வீதம் ஒரு லட்சம் பெண்களுக்கு 6. இறப்பு அதே அறுபதுதான். தமிழில் நாம் பழக்கதோஷத்தில் இரண்டையும் 'இறப்பு விகிதம்' என்றே எழுதிவிடுவதால், 120 இருந்த அட்டவணைக்குப் பக்கத்தில் 6 வந்தால் படிப்பவர் இறப்பு இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகவே நினைப்பார். நான் இங்கே 'மகப்பேற்று இறப்பு விகிதம்', 'மகப்பேற்று இறப்பு வீதம்' என்று பிரித்தே எழுதுகிறேன். அதோடு முதல் தடவை எதனால் வகுத்தது என்பதையும் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீதத்துக்கும் விகிதத்துக்கும் வித்தியாசம் தெரியாத வாசகருக்கும் 'ஒரு லட்சம் பிறப்புகளுக்கு' என்பது புரியும்.

மாறன்: இதற்கெல்லாம் ஒரே விதி போதுமே. முதல் இடத்தில் விரித்து எழுதிவிட்டு, பிறகு கடைசி வரை சுருக்கம் மட்டும். நான் எப்போதும் இப்படித்தான்.

பாதி சரி. அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்கும் ஒருவர் இருந்தால் முழுக்கச் சரி, அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. சுருக்கவுரையைத் தனியாகப் பிரித்து அனுப்புவார்கள், ஒரு அட்டவணையை மட்டும் வெட்டி எங்காவது ஒட்டுவார்கள், பின்னிணைப்பைப் பார்ப்பவர் முன்பகுதியைத் திறந்தே இருக்கமாட்டார். ஆகவே சுருக்கவுரை, ஒவ்வொரு அத்தியாயம், ஒவ்வொரு அட்டவணையின் அடிக்குறிப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் சுருக்கம் முதலில் வரும் இடத்தில் மறுபடி விரித்து எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மூலத்தில் சுருக்கம் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் சுருக்கம் தேவை என்று இல்லை. அத்தியாயத்தில் இரண்டு தடவைதான் வருகிறது என்றால் இரண்டு தடவையும் முழுப்பெயரை எழுதிவிட்டுப் போகலாம். டபிள்யூ.எச்.ஓ. என்று சொல்லிப் பாருங்கள், 'உலக சுகாதார நிறுவனம்' என்பதைவிடப் பெரிதாக என்ன மிச்சம்? முதலில் முழுப்பெயர், அதே பத்தியில் அடுத்து 'நிறுவனம்', அவ்வளவு போதும்.

செல்வி: அப்படியானால் உ.சு.நி. என்று தமிழிலேயே சுருக்கலாமே அக்கா?

அறிக்கைக்குள் சரியாகத்தான் தோன்றும். அறிக்கையை மூடியதும் வாசகர் அதை வேறு எங்கும் பார்க்கப்போவதில்லை, தேடினாலும் எதுவும் வராது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: வாசகர் இதை வெளியே மறுபடி சந்திப்பாரா? யுனெஸ்கோ, எச்.ஐ.வி. போன்றவற்றைச் சந்திப்பார், அவற்றை அப்படியே விடுங்கள். அறிக்கைக்கென்று அந்தக் குழுவே உண்டாக்கிக்கொண்ட திட்டச் சுருக்கங்களைச் சந்திக்கமாட்டார், அவற்றை விரித்துவிட்டு எழுத்துகளைத் தூக்கிப்போடுங்கள்.

ஆனால் ஐ.நா. எப்படி நிலைத்தது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யு.என். என்று தமிழில் யாரும் எழுதுவதில்லை, தமிழ்ச் சுருக்கம்தான் வென்றது. இரண்டெழுத்து, வாயில் நிற்கிறது, தினமும் செய்தியில் வருகிறது. காரணம் அதுவாக இருக்கலாம். உ.சு.நி.க்கும் ஒருநாள் அது நடக்கலாம், ஆனால் அதற்காக ஒரு அரசு அறிக்கையைச் சோதனைக்களமாக்க எனக்குத் தைரியம் இல்லை.

கதிர்: விரிக்க வேண்டும் என்றால், அறிக்கை எழுதினவர்கள் பெயரில் இருக்கும் இனிஷியலையும் விரிக்க வேண்டுமா?

கேள்வி வேறு பக்கம் போய்விட்டது, இருந்தாலும் சொல்கிறேன். கூடாது. 'எஸ்.' என்பது சு-வா, ச-வா, சி-யா, ஷ-வா என்று அவருக்குத்தான் தெரியும். 'எஸ்.' என்றே விடுங்கள்.

நிலா: யுனிசெஃபை 'ஐ.நா. சர்வதேசக் குழந்தைகள் அவசரகால நிதியம்' என்று விரித்தேன். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது, ஆனால் திருத்துபவர் அடித்துவிட்டார்.

அடித்தது சரி. 1946-இல் ஆரம்பித்தபோது அந்தப் பெயர்தான். 1953-இல் 'சர்வதேச', 'அவசரகால' இரண்டையும் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள், எழுத்துகள் மட்டும் பழகிப்போனதால் தங்கிவிட்டன. இன்றைய பெயர் ஐ.நா. குழந்தைகள் நிதியம். எழுத்துகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்பது விரிவு சரி என்பதற்குச் சான்று ஆகாது. சில இடங்களில் அதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

ஐ.எஸ்.ஓ. இன்னும் வேடிக்கை. அது அந்த அமைப்பின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே இல்லை. எந்த மொழியிலும் ஒன்றாக இருக்கட்டும் என்று, 'சமம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் என்று அந்த அமைப்பே சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நீங்கள் மொழிபெயர்ப்பது 1948-ஆம் வருட ஆவணம் என்றால் யுனிசெஃபுக்கு அந்த நீளமான பெயர்தான் சரி. பழைய அறிக்கையில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் என்று இருப்பதை 'ஐரோப்பிய ஒன்றியம்' என்று புதுப்பித்து உதவி செய்யப் போகாதீர்கள், ஒன்றியம் பிறந்தது 1993-இல். எப்போதும் ஆவணத்தின் தேதியில் இருந்த பெயர்.

அன்வர்: தமிழ் எழுத்தில் எழுதும்போது வேற்றுமை உருபு சேர்த்தால் படிக்கவே முடியவில்லை. புள்ளி வைக்கவா, கோடு போடவா?

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி. நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம்: தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும் போடும் தடுப்பூசி எம்.ஆர். அதற்கு இரண்டாம் வேற்றுமை போட்டால் எம்.ஆர்.ஐ. 'பள்ளிகளில் எம்.ஆர்.ஐக் கொடுத்தார்கள்' என்று ஒரு வரைவில் படித்துவிட்டு, பள்ளிக்கு எதற்கு ஸ்கேன் என்று ஒரு நிமிடம் விழித்தேன். கோடு போட்டால் கொஞ்சம் தேவலை, ஆனால் பக்க வடிவமைப்பில் கோடு வரி முடிவில் போய் நின்றால் பழைய கதைதான். பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்து உருபை அதற்குக் கொடுங்கள்: 'எம்.ஆர். தடுப்பூசியைக் கொடுத்தார்கள்'. வாசகருக்கும் இது என்ன வகைப் பொருள் என்று தெரிந்துவிடும். 'எச்.ஐ.வி. வைரஸ்' மட்டும் வேண்டாம், 'வி'யே வைரஸ்தான், 'எச்.ஐ.வி. தொற்று' என்று போடலாம்.

தேன்மொழி: மறுபடியும் நான்தான். ரோமன் எழுத்திலேயே விடவேண்டியது எதுவும் இருக்கிறதா?

தட்டச்சு செய்து தேடவேண்டியது எல்லாம். ஐ.நா. தீர்மானம் ஒன்றுக்கு A/RES/70/1 என்று எண் இருந்தால் அதில் ஒரு புள்ளியைக்கூட தொடாதீர்கள், அது ஆவணத்தின் முகவரி. PM2.5, CO2 மாதிரிக் குறியீடுகளும் அப்படியே.

அட்டவணைக் கட்டத்தில் வரும் n.a. மட்டும் இதற்கு விலக்கு, அதைக் கட்டாயம் தமிழாக்குங்கள், ஆனால் பார்த்து. அது 'தரவு கிடைக்கவில்லை' என்றும் இருக்கலாம், 'பொருந்தாது' என்றும் இருக்கலாம். நான் ஒரு தடவை அட்டவணை முழுக்கப் 'பொருந்தாது' என்று போட்டு அனுப்பினேன். கணக்கெடுப்பே நடக்காத ஊர்களில் பிரச்சினையே இல்லை என்று அதற்கு அர்த்தமாகிவிட்டது, அச்சுக்குப் போகும் முன் தப்பியது என் அதிர்ஷ்டம். அறிக்கையின் முன்பகுதியில் குறியீட்டு விளக்கம் இருக்கும், அதைப் பாருங்கள். ஐ.நா. வெளியீடுகள் பலவற்றில் கிடைக்காத தரவுக்கு இரண்டு புள்ளி, அளவு பூஜ்யமாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் சிறு கோடு என்று பிரித்தே வைத்திருப்பார்கள்.

மாறன்: சரி, என் விதியைத் திருத்திக்கொள்கிறேன். ஐ.எல்.ஓ.வை என்ன செய்வது? அமைப்பா, அலுவலகமா?

இதுதான் என்னை இன்னமும் படுத்துகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கும் அதன் செயலகமான சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்துக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து. பிரெஞ்சில் அமைப்பு OIT, அலுவலகம் BIT, அதனால் பிரெஞ்சுப் பதிப்பு இருந்தால் அதே பத்தியைத் திறந்து பார்த்துவிடுவேன். இல்லாவிட்டால் வினையைப் பார்ப்பேன். உறுப்பு நாடுகள் கூடி ஏற்றுக்கொண்டது என்றால் அமைப்பு, அறிக்கை தயாரித்தது, ஊழியரை அனுப்பியது என்றால் பெரும்பாலும் அலுவலகம். 'பரிந்துரைக்கிறது' என்று மொட்டையாக வரும்போது இந்த வழியும் உதவாது. போன மாதம் அப்படி ஒரு வரி, எழுதியவர்களுக்கே கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறேன், அதுவரைக்கும் வரைவில் 'ஐ.எல்.ஓ.' என்றே மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.