சப்டைட்டிலைச் சுற்றி வெளிச்சம்: டிவி பழுதா?

கேள்வி: 55 அங்குல மினி எல்.இ.டி டிவி வாங்கினோம். 500 ஸோன் லோக்கல் டிம்மிங் என்று சொல்லித் தந்தார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றிப் புகைபோல வெளிச்சம் படர்கிறது. ஓரமாக உட்காரும் ஆச்சிக்கு இன்னும் மோசமாகத் தெரிகிறதாம். டிம்மிங்கை அணைத்துவிடலாமா, டிவியை மாற்றித் தரச் சொல்லலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: அணைக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழுதாகவும் தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலுள்ள விளக்குகளை ஸோன் என்ற கட்டம் கட்டமாகக் கூட்டிக் குறைப்பதுதான் லோக்கல் டிம்மிங். உங்கள் திரையின் பரப்பை 500-ஆகப் பங்கிட்டால், ஒரு ஸோன் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் சதுரம். அதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட பிக்சல்கள் அடங்கும். ஓர் எழுத்து ஒளிர வேண்டுமென்றாலும், அதன் பின்னாலுள்ள ஸோன் முழுவதும் எரிய வேண்டும். எழுத்தைச் சுற்றியுள்ள கறுப்பு இடத்தில் அந்த ஒளியைத் தடுக்க வேண்டியது எல்.சி.டி அடுக்கு. அந்த அடுக்கால் முழுதாகத் தடுக்க முடியாது. கசிவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். விஏ என்ற வகை எல்.சி.டி பேனல் நேராகப் பார்க்கும்போது நன்றாகத் தடுக்கும், பக்கவாட்டில் பார்த்தால் கசிவு கூடும். ஆச்சி சொல்வது சரிதான். நீளமான ஹாலில் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீடுகளில் இது பெரிய தொல்லை. முதலில் டிவியை ஆச்சி பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

டிம்மிங்கை அணைத்தால் ஒளிவட்டம் மறையும். ஆனால் கறுப்பு முழுவதுமே சாம்பல் நிறமாகிவிடும். போட்ட காசு வீண்.

எந்த அளவு வைப்பது என்பதைக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும். இருட்டுக் காட்சியில் சப்டைட்டில் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து High, Medium, Low என்று மாற்றிப் பாருங்கள். அப்புறம் நட்சத்திரங்கள் நிறைந்த வானம் ஒன்றையும் பாருங்கள். High-இல் சின்ன நட்சத்திரங்கள் மங்கினாலோ காணாமல் போனாலோ Medium-க்கு இறங்குங்கள். சாதாரணப் படங்களுக்கு இரவில் Medium வைத்து, பேக்லைட் அளவையும் குறைப்பதே என் யோசனை. எச்.டி.ஆர் படங்களுக்கு High வைக்கலாம். பல டிவிகளில் எச்.டி.ஆர் அமைப்பு தனியாகப் பதிவாகும். அந்தப் படம் ஓடும்போதே மாற்றுங்கள்.

உள்கட்டு அறை கும்மிருட்டாக இருந்தால் கசிவு துலக்கமாகத் தெரியும். டிவிக்குப் பின்னால் சுவரில் விழும்படி ஒரு மங்கலான வெள்ளை விளக்குப் போடுங்கள். ஆப்பில் வசதி இருந்தால் சப்டைட்டிலை வெளிர் சாம்பல் நிறமாக்குங்கள். எனக்குத் தெரிந்து இந்த இரண்டும்தான் செலவில்லாமல் அதிகம் பலன் தருபவை.

மாற்றித் தரக் கேட்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒளிவட்டம் எழுத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது இயல்பு. படம் எதுவானாலும் ஒரே இடத்தில் வெளிச்சத் திட்டு நின்றால், அல்லது ஒரு கட்டம் மட்டும் எப்போதும் எரிந்தாலோ அணைந்தாலோ, அது பழுது. வீடியோ எடுத்து, பில்லோடு புகார் கொடுங்கள். ஆனால் செல்போன் கேமரா கசிவைப் பெரிதாக்கிக் காட்டும். எக்ஸ்போஷரைக் குறைத்து, கண்ணுக்குத் தெரிவதுபோலவே எடுங்கள்.