கட்டண அட்டவணை ஸ்கிரீன்ஷாட்டை வைத்து இரண்டு வெளிநாட்டுப் படிப்புகளின் செலவை ஒப்பிடுவது எப்படி?

"இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி., ஜெர்மனியில் இரண்டு வருட எம்.எஸ்சி. இரண்டின் கட்டண ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கிறது. ரூபாயில் எது மலிவு என்று எப்படிக் கணக்குப் போடுவது?"

ரூபாய்க்கு மாற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் அந்தந்த நாட்டுப் பணத்திலேயே முழுப் படிப்புக்கும் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். அட்டவணையில் ஒரு வரி வாரக் கணக்கு, இன்னொன்று மாதக் கணக்கு, மற்றொன்று செமஸ்டர் கணக்கு. கோட்டை விடுவது அங்கேதான்.

தங்கைக்காகப் பார்த்தபோது நானே விட்டேன். இங்கிலாந்து விடுதி வாடகை 165 பவுண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் தலைப்பு வரி வெட்டுப்பட்டிருந்ததால் மாத வாடகை என்று நினைத்து 12-ஆல் பெருக்கினேன்: 1,980. அது வார வாடகை, ஒப்பந்தம் 51 வாரம். உண்மையில் 8,415! பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்தால், ஏழே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகை கணக்கிலேயே வராமல் போயிருந்தது. தலைப்பும் அடிக்குறிப்பும் தெரியும்படி மறுபடி படம் எடுங்கள். வெளிநாட்டு மாணவருக்கான பத்தியா, எந்தக் கல்வியாண்டு என்பதும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், ஜெர்மன் பக்கத்தில் 1.500 € என்றிருந்தால் அது ஒன்றரை யூரோ இல்லை, ஆயிரத்து ஐந்நூறு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு இதுதான் கட்டணம். ஆக நான்கு செமஸ்டருக்கு 6,000.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. இங்கிலாந்தில் படிப்புக்கு 21,500, விடுதிக்கு 8,415, சாப்பாடு, பயணம் வகையறாவுக்கு மாதம் 550 வீதம் 6,600, விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் 1,164. மொத்தம் 37,679 பவுண்டு. அந்தக் கடைசித் தொகை பல்கலைக்கழக அட்டவணையில் இருக்காது. ஆண்டுக்கு 776 பவுண்டு. விசா 16 மாதத்துக்கு என்பதால் மிச்ச நாலு மாதத்துக்கு அதில் பாதி.

ஜெர்மனியில் படிப்புக்கு 6,000, செமஸ்டர்தோறும் தனியாகக் கட்டும் 'செமஸ்டர் பங்களிப்பு' நான்குக்கும் சேர்த்து 720. அறை, சாப்பாடு, காப்பீடு சேர்ந்து மாதம் 975 வீதம் 24 மாதத்துக்கு 23,400. மொத்தம் 30,120 யூரோ. ஜெர்மன் விசாவுக்கு, முன்கூட்டியே பணம் போட்டுவிட்டு மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் மாதம் 992 யூரோ காட்டச் சொன்னார்கள். நம் 975 அதை ஒட்டியே இருந்ததால் கொஞ்சம் நிம்மதி. அறை வாடகை பார்க்கும்போது வெப்பமூட்டல் சேர்ந்த 'வார்ம்' வாடகையா, சேராத 'கால்ட்' வாடகையா என்று கேட்டுவிடுங்கள்.

இனி மாற்றலாம். பவுண்டு 120, யூரோ 105 என்று வைத்தால் ஏறக்குறைய 45.2 லட்சம், 31.6 லட்சம். கூகுள் காட்டும் விலையில் வங்கி பணம் அனுப்பாது. வங்கியின் விற்பனை விலையைப் போடுங்கள். பவுண்டு ஒரு ரூபாய் ஏறினால் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 38,000 ரூபாய் கூடும்.

ஜெர்மனி 13.6 லட்சம் மலிவு. ஆனால் அங்கே ஒரு வருடம் கூடுதல், அந்த வருடச் சம்பளம் கிடையாது. தங்கைக்கு அப்போது வேலை இருந்தது, ஆண்டுக்கு ஆறு லட்சம். அதைக் கழித்தும் ஏழரை லட்சம் மிஞ்சியதால் ஜெர்மனிக்கே போனாள்.